இரவில் எழுப்பும் கால் நோ: குளிசைக்கு ஏன் அடங்குகிறது, ஊசியால் எதைச் சுடுகிறார்கள்?

கேள்வி

டொக்டர், என் மகனுக்கு 15 வயது, நிறை 52 கிலோ. எட்டு மாதமாக வலது முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் நோ. பகலில் பந்தடிக்கக்கூடப் போவான். இரவு ஒரு மணி, இரண்டு மணிக்கு எழும்பிக் காலைப் பிடித்துக்கொண்டு இருப்பான். பனடோல் கேட்காது. இபுபுரோபென் 400 குடித்தால் அரை மணித்தியாலத்தில் நித்திரையாகிவிடுவான். முறிவு வைத்தியரிடம் புக்கை கட்டியதில் தோல் பொங்கிப் புண்ணானதுதான் மிச்சம். எக்ஸ்றேயில் எலும்பு மொத்தித்திருக்கிறது என்றார்கள். எம்.ஆர்.ஐ. அறிக்கையில் கிருமித்தொற்றா, கட்டியா என்று பார்க்கவேண்டும் என்று இருந்ததால் மூன்று கிழமை கிருமிகொல்லி குடித்தான், மாற்றமில்லை. இப்போது சீ.ரி. எடுத்து, 7 மில்லிமீற்றர் நைடஸ் இருக்கிறது, ஒஸ்டியொயிட் ஒஸ்டியோமா, ஊசியை உள்ளே விட்டு மின்சூட்டால் சுடும் ஆர்.எவ்.ஏ. செய்யலாம் என்று எழுதித் தந்திருக்கிறார்கள்.

ஊசியால் எலும்பைச் சுட்டால் கால் பலமிழக்காதா? மொத்தித்த எலும்பை எடுக்காமல் விட்டால் பிறகு கான்சராக மாறாதா? ஓ.எல். சோதனைக்கு நான்கு மாதம்தான் இருக்கிறது. குளிசைக்கு அடங்குகிறதுதானே, அதுவரை சமாளித்தால் என்ன? கனடாவில் இருக்கும் அண்ணர் வெட்டி எடுத்துவிடச் சொல்கிறார்.

– ஒரு தாய், வலிகாமம்

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களை நித்திரை கொள்ளவிடாத கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஒஸ்டியொயிட் ஒஸ்டியோமா கான்சர் அல்ல. விட்டுவைத்தாலும் கான்சராக மாறுவதில்லை. அது உடலின் வேறு இடங்களுக்குப் பரவாது. ஒன்றரை சென்ரிமீற்றரைத் தாண்டி வளர்வதும் அரிது. 1935இல் நியூயோர்க்கின் நோய்க்குறியியலாளர் ஹென்றி ஜஃபே இதைத் தனி நோயாகப் பிரித்துக் காட்டும்வரை இப்படிப்பட்ட பிள்ளைகளின் எலும்பு கிருமித்தொற்று என்றே வெட்டித் துப்புரவாக்கப்பட்டது. உங்கள் மகனின் எம்.ஆர்.ஐ. அறிக்கையிலும் அதே சந்தேகம் எழுந்ததில் வியப்பில்லை. அதற்கான காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

நோ எங்கிருந்து வருகிறது

எலும்பு மொத்தித்திருப்பதைக் கண்டு அதுதான் நோய் என்று நினைக்கிறீர்கள். நோய் அந்த மொத்தத்துக்கு நடுவில் இருக்கும் பயறளவு இடம் மட்டுமே. அதைத்தான் நைடஸ் என்று எழுதியிருக்கிறார்கள். இரத்தக் குழாய்களும் நரம்பு நுனிகளும் நிறைந்த, அரைகுறையாகச் சுண்ணம் படிந்த புது எலும்பு அது. அந்த இடம் புரொஸ்டகிளாண்டின் என்ற இரசாயனத்தை மிக அதிகமாகச் சுரக்கிறது. அதனால் உள்ளே இரத்தக் குழாய்கள் விரிந்து, இறுகிய எலும்புக்குள் அமுக்கம் கூடி, நரம்பு நுனிகள் உறுத்தப்படுகின்றன. சுற்றியுள்ள எலும்பு மொத்திப்பதும், எம்.ஆர்.ஐ.யில் எலும்பின் உள்ளே இருக்கும் மச்சைக்குள் நீர் கோத்ததுபோல் தெரிவதும் இந்தச் சுரப்புக்கு அக்கம்பக்கம் காட்டும் எதிர்வினைகள். நைடஸ் செத்துவிட்டால் சுரப்பு நின்றுவிடும். மொத்தித்த எலும்பு ஒன்றிரண்டு வருடத்தில் தானாகவே பெருமளவு வழமைக்குத் திரும்பும். ஆகவே அதைச் செதுக்கி எடுக்கத் தேவையே இல்லை.

குளிசை விடயமும் இதனால் விளங்கும். இபுபுரோபென், நப்றொக்சென், டைக்குளோபினாக் போன்றவை புரொஸ்டகிளாண்டின் உருவாவதையே தடுப்பவை. பனடோலுக்கு அந்த வேலை உடலின் புறப்பகுதிகளில் மிகக் குறைவு, அதனால்தான் அது உங்கள் மகனுக்குக் கேட்கவில்லை. எனவே அரை மணித்தியாலத்தில் நோ அடங்குவது நோயை ஊகிக்க உதவும் நல்ல தடயம். ஆனால் தடயம் மட்டுமே. இந்த நோயுள்ள எல்லோருக்கும் குளிசை இப்படிக் கேட்பதில்லை. மறுபுறம், எலும்புக்குள் சீழ் கட்டியிருக்கும் பிள்ளைக்கும், ஏன், சில கெட்ட கட்டிகளுக்கும்கூட அதே குளிசை ஓரளவு சுகம் கொடுக்கும். “குளிசைக்கு அடங்குகிறது, அதனால் பயமில்லை” என்று எட்டு மாதம் ஓட்டுவது இந்த ஒரு நோயில் தப்பிவிட்டது. வேறொன்றாக இருந்திருந்தால் தப்பியிராது.

மூன்று படங்கள், மூன்று விதமான பதில்

எக்ஸ்றேயில் மொத்தித்த எலும்பின் வெண்மை நடுவிலிருக்கும் சின்னக் கருமையை மறைத்துவிடும். அதனால் “எலும்பு மொத்தித்திருக்கிறது” என்பதோடு அறிக்கை நின்றுவிடும். எம்.ஆர்.ஐ. வேறு விதமாக ஏமாற்றும். சுற்றியுள்ள மச்சையும் தசையும் நீர் கோத்து ஒரு சாண் நீளத்துக்குப் பளிச்சென்று தெரியும்போது அதன் நடுவிலிருக்கும் 7 மில்லிமீற்றர் புள்ளி கண்ணில் படாது. தடித்த வெட்டுகளாக எடுத்திருந்தால் இரண்டு வெட்டுகளுக்கு நடுவே விழுந்தும் போகலாம். தெரிவதெல்லாம் வீக்கம், வீக்கம் என்றால் தொற்றா, கட்டியா என்றுதான் எழுதவேண்டி வரும். அந்த அறிக்கையை எழுதியவரில் பிழையில்லை.

இந்த நோய்க்குப் பொருத்தமான படம் சீ.ரி.தான், அதுவும் ஒரு மில்லிமீற்றர் அளவுக்கு மெல்லிய வெட்டுகளாக, நோகும் இடத்தை மட்டும் குறிவைத்து எடுத்தது. அதில் உங்கள் மகனின் எலும்பு எப்படித் தெரியவேண்டும் என்று சொல்கிறேன்; அடுத்த கிளினிக்கில் வைத்தியரிடம் கேட்டு நீங்களே திரையில் பாருங்கள். முழங்காலுக்குக் கீழேயுள்ள பெரிய எலும்பான திபியாவின் குறுக்குவெட்டில் முன்பக்கச் சுவர் மட்டும் மற்றப் பக்கங்களைவிட இரண்டு மடங்கு தடித்து வெள்ளையாக இருக்கும். அந்த வெள்ளைக்குள் ஓரம் மழமழப்பான ஒரு கரிய நீள்வட்டம். அதன் நடு மையத்தில் ஒரு சின்ன வெள்ளைப் பொட்டு. வெளியிலிருந்து அந்த நீள்வட்டத்தை நோக்கி மயிரளவு மெல்லிய கரிய கோடுகள் ஓடுவதும் பல பேரில் தெரியும். அவை நைடஸுக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்களின் தடம்.

இதோடு குழப்பிக்கொள்ளக்கூடிய முக்கியமான நோய், எலும்புக்குள் நாட்பட்ட சின்னச் சீழ்க்கட்டி. அதற்கும் இரவில் நோகும், அதுவும் வெள்ளைக்குள் கரிய குழியாகவே தெரியும். ஆனால் அதன் உட்சுவர் அரித்ததுபோல் கரடுமுரடாக இருக்கும். உள்ளே வெள்ளைத் துண்டு இருந்தால் அது செத்த எலும்பின் சிதறல் என்பதால் ஒழுங்கற்று, நடுவை விட்டு விலகிக் கிடக்கும். சாய மருந்து ஏற்றி எடுக்கும் படத்தில் நைடஸ் சில செக்கன்களிலேயே பளிச்சிடும், சீழின் நடுப்பகுதி பளிச்சிடாது. இரத்தத்தில் தொற்று இருந்தால் கூடும் ஈ.எஸ்.ஆர்., சீ.ஆர்.பி. அளவுகள் ஒஸ்டியொயிட் ஒஸ்டியோமாவில் வழமையாகவே இருக்கும். நீங்கள் எழுதியதில் இந்த இரத்தப் பரிசோதனை பற்றி ஒன்றுமில்லை. செய்திருக்காவிட்டால் செய்யச் சொல்லுங்கள். வழமையாக இருந்தால் தொற்று இல்லை என்ற முடிவு பலப்படும், கூடியிருந்தால் சுடுவதற்கு முன்னர் யோசிக்கவேண்டும். விளையாடும் பிள்ளைகளுக்கு வரும் எலும்பு வெடிப்பும் இதே இடத்தில் மொத்தத்தை உண்டாக்கும். ஆனால் அது ஓடினால் நோகும், படுத்தால் சுகமாகும், படத்தில் வட்டமாக அன்றிக் கோடாகத் தெரியும். உங்கள் மகனின் கதை அதற்கு நேரெதிர்.

குளிசையோடே இருந்தால்?

இது முட்டாள்தனமான எண்ணம் அல்ல. இந்த நைடஸ்கள் பல, பொதுவாக இரண்டு முதல் ஆறு வருடத்துக்குள், தானாகவே எரிந்து அடங்கிவிடுகின்றன. கை வைக்க முடியாத இடத்தில் இருப்பவர்களுக்கு நாங்களே இந்த வழியைச் சொல்வதுண்டு. ஆனால் அத்தனை வருடம் ஒவ்வொரு இரவும் குளிசை என்பதன் விலையையும் கணக்கில் எடுக்கவேண்டும். குடல் புண், சிறுநீரகம், இரத்த அழுத்தம் மூன்றையும் கண்காணிக்கவேண்டி வரும்.

எங்கள் ஊரில் இதற்கு மேலாக ஒன்று இருக்கிறது. மாரி மழை தொடங்கினால் யாழ்ப்பாணத்தில் டெங்கு. டெங்குக் காய்ச்சலின்போது இபுபுரோபென், டைக்குளோபினாக், அஸ்பிரின் எதுவும் உள்ளே போகக்கூடாது. இரத்தப்போக்கைக் கூட்டி உயிருக்கே ஆபத்தாக முடியலாம். நாள்தோறும் இந்தக் குளிசை குடிக்கும் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அன்றிரவே நிறுத்துங்கள். பனடோல் மட்டும் கொடுத்து வைத்தியசாலைக்குக் கூட்டிப்போய், இதுவரை என்ன குளிசை குடித்தான் என்பதை முதல் வசனமாகச் சொல்லுங்கள். காய்ச்சலும் அடங்கி, இரத்தப் பரிசோதனையும் சரியென்று வைத்தியர் சொல்லும்வரை கால் நோவுக்குப் பழைய குளிசையை எடுக்கவேண்டாம்.

சிகிச்சைக்குத் திகதி கிடைக்கும்வரை குளிசையைக் கொஞ்சம் ஒழுங்காகப் பாவிக்கலாம். இப்போது நோ வந்து எழும்பிய பிறகு குடிக்கிறான். அதனால் ஒரு நித்திரை கெட்டுப்போன பிறகுதான் சுகம். இபுபுரோபென் ஆறு மணித்தியாலம் அளவில் தாக்குப்பிடிக்கும், நப்றொக்சென் பன்னிரண்டு மணித்தியாலம் வரை போகும். இரவுச் சாப்பாட்டுக்குப் பின், படுக்கைக்கு முன் நப்றொக்சென் 250 மில்லிகிராம் ஒன்று போட்டால் பெரும்பாலும் விடியும்வரை எழும்பமாட்டான். 52 கிலோ பிள்ளைக்கு அது அதிக அளவல்ல. ஆனால் ஆஸ்துமா, வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு இருந்தால் பொருந்தாது, ஆகவே உங்கள் வைத்தியரிடம் கேட்டு மாற்றுங்கள். இந்த வகைக் குளிசை இரண்டைச் சேர்த்துக் கொடுக்கவே கூடாது. நப்றொக்சென் போட்ட இரவில் இபுபுரோபெனும் கொடுப்பது சுகத்தைக் கூட்டாது, வயிற்றைத்தான் கெடுக்கும். சில கிழமைகளுக்கு மேல் நீண்டால் வயிற்றைக் காக்க ஒமெப்பிரசோல் சேர்ப்பார்கள், சிறுநீரகத்துக்கு இரத்தம் பார்ப்பார்கள். 16 வயதுக்குக் கீழ் அஸ்பிரின் வேண்டாம்.

அண்ணர் சொல்லும் ஒப்பரேசன்

வெட்டி எடுப்பது பல பத்தாண்டுகளாகச் செய்யப்பட்ட முறை, இன்றும் சில இடங்களில் தேவை. அதன் சிக்கல் எளிமையானது: எலும்பைத் திறந்தபின் சத்திரசிகிச்சை நிபுணரின் கண்ணுக்குத் தெரிவது வழுவழுப்பான தடித்த வெள்ளை எலும்புதான். அதற்குள் 7 மில்லிமீற்றர் எங்கே என்று தெரியாது. தவறவிடக்கூடாது என்றால் பெரிய துண்டாக எடுக்கவேண்டும். சின்னதாக எடுத்தால் நைடஸ் உள்ளேயே இருந்துவிடலாம். உடம்பைத் தாங்கும் திபியாவின் முன்சுவரில் பெரிய துண்டு எடுத்தால் கால் முறியாமலிருக்கத் தகடும் எலும்பு ஒட்டும் வைக்கவேண்டி வரலாம், ஊன்றுகோல் கிழமைக்கணக்கில் தேவைப்படும். கால் பலமிழக்கும் என்று நீங்கள் ஆர்.எவ்.ஏ.யைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள். அந்தப் பயம் உண்மையில் இந்த ஒப்பரேசனுக்குத்தான் பொருந்தும்.

நைடஸ் முள்ளந்தண்டில் நரம்போடு ஒட்டியிருந்தாலோ, நோய் எதுவென்பதில் சந்தேகம் தீராவிட்டாலோ, ஆர்.எவ்.ஏ. இரண்டு தடவை தோற்றாலோ வெட்டுவதில் நியாயம் உண்டு. உங்கள் மகனுக்கு இவை எதுவும் இல்லை.

ஆர்.எவ்.ஏ. நடக்கும் விதம்

1992இல் பொஸ்டனில் ரொசந்தால் என்ற கதிரியக்க நிபுணரின் குழு இந்த முறையை வெளியிட்டது. அதன்பின் பல நாடுகளில் இதுவே முதல் தெரிவாகிவிட்டது. செய்பவர் எலும்பு வைத்தியர் அல்ல, ஊசிவழிச் சிகிச்சை செய்யும் கதிரியக்க நிபுணர். இடம் ஒப்பரேசன் தியேட்டர் அல்ல, சீ.ரி. அறை. முழு மயக்கமோ, இடுப்புக்குக் கீழ் விறைக்கும் முள்ளந்தண்டு ஊசியோ கொடுப்பார்கள். தோலை மட்டும் விறைக்கவைத்துச் செய்ய முடியாது. ஊசி முனை நைடஸைத் தொடும்போது வரும் நோ அவ்வளவு கடுமை. முழு மயக்கத்தில் இருக்கும் பிள்ளைக்குக்கூட அந்த நொடியில் நாடித்துடிப்பும் மூச்சும் சட்டென்று ஏறுவதைத் திரையில் காணலாம். சரியான இடத்துக்கு வந்துவிட்டோம் என்பதற்கு அதுவும் ஓர் அடையாளம்.

முதலில் அந்த இடத்தை மட்டும் சீ.ரி. எடுத்து, தோலில் புள்ளி குறிப்பார்கள். சில மில்லிமீற்றர் வெட்டு. அதனூடாக ஒரு குழாயை எலும்புவரை இறக்கி, துளைகருவியால் தடித்த எலும்பைக் குடைந்து நைடஸின் நடுவுக்குப் போவார்கள். ஒவ்வொரு சில மில்லிமீற்றருக்கும் நிறுத்திப் படம் எடுத்துப் பார்ப்பார்கள். மொத்த நேரத்தில் பெரும்பகுதி இந்தக் குறிபார்த்தலுக்கே போகும், சுடுவது மிகச் சிறு பகுதி. உள்ளே போனதும் திசுத்துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். தொற்றுச் சந்தேகம் ஒருமுறை எழுந்திருப்பதால் உங்கள் மகனின் துண்டில் ஒரு பகுதியைக் கிருமி வளர்ப்புக்கும் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். துண்டு மிகச் சின்னது என்பதால் “தீர்மானிக்கப் போதாது” என்று அறிக்கை வருவதும் அடிக்கடி நடப்பதுதான். படமும் கதையும் பொருந்தி, நோவும் போய்விட்டால் அந்த அறிக்கைக்காக மனம் கலங்கவேண்டாம்.

பிறகு அதே துளையில் மின்முனையை இறக்குவார்கள். நுனியில் 5 முதல் 10 மில்லிமீற்றர் மட்டும் உறையற்ற பகுதி, மீதி காப்பிடப்பட்டது. மின்சுற்று முடியத் தொடையில் பெரிய ஒட்டுப்பட்டை ஒட்டியிருக்கும். நுனியை 90 பாகை செல்சியஸில் ஐந்து அல்லது ஆறு நிமிடம் வைத்திருப்பார்கள். சுற்றிலும் ஏறத்தாழ அரை சென்ரிமீற்றர் ஆரத்துக்குள் இருக்கும் உயிரணுக்கள் சாகும். உங்கள் மகனின் நைடஸ் 7 மில்லிமீற்றர், நடுவில் நுனி நின்றால் எந்தப் பக்கமும் மூன்றரை மில்லிமீற்றர்தான். ஒரு தடவை சுட்டாலே ஓரத்தையும் தாண்டிச் சூடு போய்விடும். ஒரு சென்ரிமீற்றரை விடப் பெரிதென்றால் நுனியை நகர்த்தி இரண்டாவது தடவையும் சுடுவார்கள். எலும்பில் மிஞ்சுவது பென்சில் குச்சியைவிட மெல்லிய ஒரு துளை. சுடப்பட்ட எலும்பு அந்த இடத்திலேயே தாங்குதூணாக இருந்துகொண்டு மெல்லப் புது எலும்பால் மாற்றப்படும்.

எங்கே பிழைக்கலாம்

திபியாவின் முன்பக்கம் தோலுக்கு மிக அண்மை; நடுவில் தசையே இல்லை. ஆகவே உங்கள் மகனுக்கு உள்ள முதல் ஆபத்து தோல் சுடுபடுவது. இது மூன்று வழியில் நடக்கும். நைடஸே தோலுக்குச் சில மில்லிமீற்றர் கீழே இருந்தால் சூடு நேராகத் தோலுக்கு வரும். மின்முனையின் உறையற்ற பகுதி முழுவதும் எலும்புக்குள் போகாமல் கொஞ்சம் வெளியே நின்றால் அந்த இடத்துத் தோல் வேகும். வெளிக்குழாய் உலோகம் என்பதால், அதைப் பின்னுக்கு இழுக்காமல் விட்டு உறையற்ற நுனி அதைத் தொட்டால் மின்சாரம் குழாய் வழியாகத் தோல்வரை ஏறிவரும். அனுபவமுள்ளவர்கள் முன்னால் நேராகக் குத்தாமல் பக்கவாட்டிலிருந்து சரிவாகவோ, எதிர்ப்பக்க எலும்பைக் குடைந்தோ போவார்கள். தோலுக்கும் எலும்புக்கும் இடையில் குளூக்கோஸ் நீரை ஏற்றித் தோலை உயர்த்துவார்கள். சேலைன் ஏற்றமாட்டார்கள், உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். மேலே குளிர் ஒத்தடமும் வைப்பார்கள்.

இதனால்தான் புக்கையால் வந்த புண் இங்கே முக்கியம். அது முழுக்க ஆறி, புதுத்தோல் மூடும்வரை அந்த இடத்தில் ஊசி போடக்கூடாது. புண்ணிலுள்ள கிருமி துளை வழியாக எலும்புக்குள் போய்விடும். இனிமேல் அங்கே எண்ணெய், புக்கை, உருவுதல் ஒன்றும் வேண்டாம். எலும்புக்கு உள்ளே இருப்பதை அவை தொடப்போவதில்லை.

மற்றத் தவறு, நுனி நைடஸின் நடுவில் நிற்காமல் ஓரத்தில் நிற்பது. அப்போது ஒரு பகுதி உயிரோடு தப்பி, நோ திரும்பும். அப்படியிருந்தும் பத்தில் ஒன்பது பேருக்கோ அதற்கும் மேலாகவோ முதல் தடவையிலேயே நோ போய்விடுகிறது. திரும்பியவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டாவது தடவை கைகொடுக்கிறது. தொற்று, எலும்பு முறிவு, துளைகருவியின் முனை உடைந்து உள்ளே தங்குவது எல்லாம் நடந்ததாகப் பதிவுண்டு, ஆனால் அரிது. நரம்புச் சேதம் நைடஸுக்கு ஒரு சென்ரிமீற்றருக்குள் பெரிய நரம்பு ஓடினால் பார்க்கவேண்டிய விடயம். திபியாவின் முன்சுவரில் அந்தப் பிரச்சினை பெரிதாக இல்லை.

சோதனைக்கு முன்னரா, பின்னரா?

திகதி கிடைத்தால் முன்னரே செய்துவிடுங்கள் என்பதுதான் என் கருத்து. நான்கு மாதம் ஒவ்வொரு இரவும் எழும்பும் பிள்ளையால் படிக்க முடியாது, அதோடு சோதனைக் காலம் காய்ச்சல் காலத்தோடு ஒன்றாக வந்தால் குளிசையும் கைவிடும். ஆர்.எவ்.ஏ.யில் அன்றோ அடுத்த நாளோ வீட்டுக்கு விடுவார்கள், அந்தக் கிழமைக்குள்ளேயே வகுப்புக்குப் போய்விடலாம். திகதி சோதனைக்கு முந்தின கிழமையில்தான் கிடைக்கிறது என்றால் மட்டும் தள்ளிப்போடுங்கள். சில மாதத் தாமதத்தால் இந்த நோயில் எதுவும் கைமீறிப் போகாது. இன்னும் சின்னப் பிள்ளையாக இருந்து, நைடஸ் எலும்பின் வளரும் முனைக்கு அருகில் இருந்தால் ஒரு கால் நீண்டுவிடும் என்பதால் இப்படித் தாராளமாகச் சொல்லமாட்டேன்.

யாழ் போதனா வைத்தியசாலை எலும்பு கிளினிக்கில் உங்களுக்குக் கொப்பி இருந்தால் அங்கிருந்தே, இதைச் செய்யும் கதிரியக்க நிபுணருக்குக் கடிதம் வாங்குங்கள். கொழும்புக்குப் போகச் சொன்னாலும் தயங்கவேண்டாம். அறிக்கைத் தாளை மட்டும் கொண்டுபோகாமல் சீ.ரி. பதிந்த சீ.டி.யையும் எம்.ஆர்.ஐ. சீ.டி.யையும் எடுத்துச் செல்லுங்கள். ஊசி போகும் பாதையை அந்த மெல்லிய வெட்டுகளில்தான் திட்டமிடுவார்கள், சீ.டி. இல்லாவிட்டால் பிள்ளைக்கு இன்னொரு தடவை கதிர் படும். அங்கே கேட்கவேண்டியவை மூன்று:

- நைடஸிலிருந்து தோலுக்கு எத்தனை மில்லிமீற்றர், எந்தப் பக்கத்தால் ஊசி போகப்போகிறது?
- திசுத்துண்டும் கிருமிப் பரிசோதனையும் அதே தடவையில் எடுப்பார்களா?
- நப்றொக்சென் குளிசையை எத்தனை நாளுக்கு முன் நிறுத்தவேண்டும், அந்த இரவுகளுக்கு வேறு என்ன கொடுக்கலாம்?

மூன்றாவது கேள்வியை மறந்துவிட்டால் ஆர்.எவ்.ஏ.க்கு முந்தின இரவுகள் மிகக் கொடுமையாக இருக்கும். இன்னொன்று: வெள்ளி அரைஞாண், தாயத்து, சங்கிலி, காப்பு எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். உடம்பில் மின்சாரம் ஓடும் சிகிச்சை என்பதால் உலோகம் பட்ட இடம் சுடுபடலாம். வாசலில் வைத்து அறுக்கச் சொன்னால் வீண் மனத்தாங்கல்தான்.

பிறகு

முதல் இரவு நோகும், சிலருக்கு வழமையைவிடக் கூடவும் நோகும். துளையிட்ட நோ அது. இரண்டு மூன்று நாளில் பழைய இரவு நோ இல்லையென்பது பிள்ளைக்கே தெரியும். முழுவதும் அடங்கச் சிலருக்கு இரண்டு கிழமை போகலாம். அடுத்த நாளே காலை ஊன்றி நடக்கலாம், படி ஏறலாம். ஓடுவது, பாய்வது, பந்தடி மட்டும் மூன்று மாதம் வேண்டாம். துளையுள்ள எலும்பு சாதாரண நடையைத் தாங்கும், பாய்ந்து ஊன்றும்போது வரும் முறுக்கத்தைத் தாங்குமென்று சொல்லமுடியாது. பாடசாலைக்கு விளையாட்டு விலக்குக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். காயத்தைச் சுற்றித் தோல் கறுத்தால், கொப்புளித்தால், சீழ் வந்தால், காய்ச்சல் வந்தால் காத்திருக்காமல் காட்டுங்கள்.

நோ போனபின் “எல்லாம் போய்விட்டதா” என்று பார்க்க எக்ஸ்றே, சீ.ரி. எடுத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. செத்த நைடஸின் நிழல் மாதக்கணக்கில் படத்தில் தெரியும். அது உயிரோடிருப்பதற்கு அடையாளமல்ல. இங்கே அளவுகோல் பிள்ளையின் நித்திரைதான். திரும்ப வருமென்றால் பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்துக்குள், அதே இடத்தில், அதே பின்னிரவு நேரத்தில், அதே குளிசைக்கு அடங்கும் நோவாக வரும். அப்படி இரண்டு கிழமை தொடர்ந்தால் கிளினிக்குக்குப் போய் மெல்லிய வெட்டு சீ.ரி. கேளுங்கள். நோ பகலிலும் கூடிக்கொண்டு வந்து, குளிசைக்கு அடங்காமல், எலும்பில் வீக்கம் பெருத்தால் அது வேறு கதை; அதற்கு இரண்டு கிழமை பொறுக்கவேண்டாம், அடுத்த கிளினிக் நாளிலேயே காட்டுங்கள்.